சோக்கர், பிரின்சஸ், மேட்டினி: வட்டக் கழுத்து பிளவுஸுக்கு எந்த நீளம்?

"அக்கா, புரட்டாசி விரதம் முடிந்து நவம்பரில் டர்பனில் அண்ணன் மகள் கல்யாணம். காஞ்சிப் பட்டு எடுத்து, வட்டக் கழுத்து பிளவுஸும் தைத்தாகிவிட்டது. முன்கழுத்து இறக்கம் ஆறரை அங்குலம், என் கழுத்துச் சுற்று 36 செ.மீ. நகைக்கடையில் சோக்கர், பிரின்சஸ், மேட்டினி என்று பேர் சொல்கிறார்கள், சீட்டில் 40, 45, 55, 60 என்று எண் மட்டும் இருக்கிறது. இதில் எது பொருந்தும்? தாலிச் சங்கிலியும் போட்டிருப்பேன்."

45 வாங்குங்கள். பதக்கம் எதுவும் தொங்காமல், முன்பக்கம் மட்டும் கொஞ்சம் அகலமாக வரும் நெக்லஸாக இருந்தால் நல்லது. 55 எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த பிளவுஸுக்கு வேண்டாம். நீளமாக இன்னொன்று போட ஆசை என்றால் 75க்குக் கீழே போகாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். அது தெரிந்துவிட்டால் அடுத்த சேலைக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கடைக்காரர் சொல்கிற பேர்கள் எல்லாம் முத்துச்சரம் விற்பவர்களிடமிருந்து வந்தவை. சோக்கர் என்றால் 35 முதல் 40 செ.மீ. வரை, கழுத்தோடு ஒட்டி நிற்பது. பிரின்சஸ் என்பது 43 முதல் 48 வரை, நெஞ்சுக்கூட்டு எலும்பை ஒட்டி விழும். மேட்டினி 50 முதல் 60. அதற்கு மேல் 70 முதல் 90 வரை ஓப்பரா என்பார்கள், இன்னும் நீளமானதற்கு ரோப். இந்த எல்லைகளை யாரும் சட்டமாகப் போட்டு வைக்கவில்லை. ஒரு கடையில் 42ஐ சோக்கர் என்று வைத்திருப்பார்கள், பக்கத்துக் கடையில் அதையே பிரின்சஸ் என்பார்கள். ஆகவே பேரைக் கேட்டுவிட்டு உடனே "எத்தனை சென்டிமீட்டர், கொக்கியோடு சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேளுங்கள். நம் ஊரில் சீட்டில் எண் போட்டிருப்பது உண்மையில் உங்களுக்கு வசதிதான்.

ஆனால் அந்த எண் சங்கிலியின் நீளம்தான். அது உங்கள் உடம்பில் எங்கே விழும் என்பதை அது சொல்லாது. 40 செ.மீ. சங்கிலி மெல்லிய கழுத்தில் தொண்டைக்குழிக்குக் கீழே தளர்ந்து கிடக்கும், பருத்த கழுத்தில் இறுக்கிப் பிடிக்கும். இரண்டுக்கும் சீட்டில் பேர் சோக்கர்தான். கடைப் பொம்மைகளின் கழுத்து பெரும்பாலும் ஒல்லியாக நீண்டிருக்கும், அதனால் அங்கே பார்த்த அழகை வீட்டுக்குக் கொண்டுவர முடிவதில்லை. பூ கட்டுகிற நூலை எடுத்து, தைத்த அந்த பிளவுஸையே போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று கழுத்தில் சுற்றுங்கள். பின்கழுத்தில் கொக்கி வருகிற இடத்தில் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, முன்பக்கம் எங்கே விழ வேண்டும் என்று படுகிறதோ அங்கே நிறுத்தி முடிச்சுப் போடுங்கள். முடிச்சிலிருந்து முழுச் சுற்றும் போய் மறுபடி முடிச்சு வரை அந்த நூலை அளந்தால் வருவதுதான் உங்களுக்கு வேண்டிய நீளம். பழைய பிளவுஸைப் போட்டு அளக்காதீர்கள், கழுத்து இறக்கத்தில் அரை அங்குலம் மாறினாலும் கணக்கு மாறிவிடும்.

இப்போது உங்கள் பிளவுஸுக்கு வருவோம். தையற்காரர் சொல்லும் ஆறரை அங்குலம் கழுத்து ஓரத்துத் தோள் தையலிலிருந்து நேர் கீழே எடுத்த அளவு, அதாவது சுமார் 16.5 செ.மீ. அதே தோள் தையலிலிருந்து தொண்டைக்குழி ஏறக்குறைய 8 செ.மீ. கீழே இருக்கும். அப்படியானால் தொண்டைக்குழிக்கும் பிளவுஸ் விளிம்புக்கும் நடுவில் திறந்திருக்கிற இடம் எட்டு, எட்டரை சென்டிமீட்டர்தான். நீங்கள் போடப்போகும் நகை வாழ வேண்டிய வீடு அதுதான்.

உங்களுடையதுபோல 36 கழுத்தில் 40 செ.மீ. சங்கிலி தொண்டைக்குழியை ஒட்டி நிற்கும். 45 போட்டால் குழிக்குக் கீழே சுமார் 3 செ.மீ. வரை இறங்கும். அதற்கு மேல் சங்கிலியில் கூடுகிற நீளம் இரண்டு பக்கமும் பிரிந்து போகும், ஆகவே 5 செ.மீ. நீளம் கூடினால் நடுப்பகுதி ஏறக்குறைய இரண்டரை செ.மீ.தான் கீழே இறங்கும். 50 ஐந்தரையில் நிற்கும், 55 எட்டில் நிற்கும், 60 பத்தரைக்குப் போய்விடும். உங்கள் விளிம்பு எட்டரையில் இருக்கிறது. 55 நேராக அந்த விளிம்பின் மேலேயே வந்து உட்காருகிறது. வேண்டாம் என்று முதலிலேயே சொன்னது இதனால்தான்.

விளிம்பில் உட்காரும் நகை நிம்மதியாக இருக்காது. நீங்கள் நிமிர்ந்தால் உள்ளே போகும், குனிந்தால் வெளியே வரும், மூச்சு வாங்கினால் பாதி துணி மேலேயும் பாதி தோல் மேலேயும் கிடக்கும். பிளவுஸில் ஆரி வேலையோ ஜரிகை ஓரமோ இருந்தால் சங்கிலியின் கண்ணிகள் அந்த நூலில் மாட்டி இழுத்துவிடும். போட்டோவில் இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, நகை எது, பிளவுஸ் ஓரம் எது என்றே தெரியாது. உங்கள் நகை அந்த இடத்தில் விழுகிறதா என்று கண்டுபிடிக்க, நகைக்கும் விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரலைப் படுக்கவைத்துப் பாருங்கள். விரல்கள் தோல் மேல் நன்றாகப் படிந்தால் சரி. துணியைத் தொட்டால் நகை நீளம் அதிகம். இந்த இரண்டு விரல் இடைவெளிதான் வட்டக் கழுத்துக்கு உயிர். வளைந்த விளிம்பும் வளைந்த நெக்லஸும் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்க, நடுவில் தெரிகிற தோல்தான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

இதே பிளவுஸ் எட்டு அங்குலம் இறக்கமாக இருந்தால் 50ஐக்கூடத் தாராளமாகப் போடலாம். ஐந்து அங்குலம்தான் இறக்கம் என்றால் 45க்கே இடம் போதாது, கழுத்தை ஒட்டிய 40தான் நிற்கும். பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போதே எந்த நகை போடப்போகிறோம் என்று முடிவு பண்ணிவிட்டால் இந்தச் சிக்கலே வராது. நகையைக் கையோடு தையற்காரரிடம் எடுத்துப் போவதில் வெட்கம் எதுவும் இல்லை. சாட்ஸ்வொர்த்தில் பட்டு பிளவுஸ் தைக்கிற கெட்டிக்கார அம்மாக்கள் சிலர் முதலில் நகையைத்தான் கேட்பார்கள்.

அடுத்து சேலை. சேலை கட்டினால் நெஞ்சு முழுவதும் திறந்திருப்பதில்லை. வலது இடுப்பிலிருந்து மேலேறும் முந்தானை இடது தோளுக்குக் குறுக்காகப் போகிறது. காஞ்சிப் பட்டில் கரை தடிமனாக இருக்கும், மடிப்பு எடுத்துப் பின் குத்தினால் அந்தக் கரை உங்கள் நெஞ்சின் குறுக்கே ஒரு சாய்வுக்கோடாக நிற்கும். 55லிருந்து 65 வரையிலான நகையின் அடிப்பகுதி சரியாக அந்தக் கோட்டை வந்து முட்டும். வலப்பாதி தெரியும், இடப்பாதி முந்தானைக்குள் போய்விடும். பதக்கம் இருந்தால் அது மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும், வெளியே எடுத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி உள்ளே போகும். கல்யாண வீட்டில் ஓயாமல் கழுத்தைச் சரிபண்ணிக்கொண்டே இருக்கிற பெண்களைப் பாருங்கள், அவர்களில் பலர் போட்டிருப்பது இந்த நீளம்தான்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. தாலிச் சங்கிலி. அதன் நீளம் வீட்டுக்கு வீடு மாறும் என்றாலும், பெரும்பாலும் 60லிருந்து 75 செ.மீ.க்குள் இருக்கும். மேட்டினியின் இடத்தை உங்கள் கழுத்தில் தாலி ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறது. அதே நீளத்தில் இன்னொன்று போட்டால் இரண்டும் முறுக்கிக்கொள்ளும். கண்ணிச் சங்கிலிக்குள் தாலி உருக்கள் மாட்டினால் பிரித்தெடுப்பது பெரும் பாடு. தாலியை பிளவுஸுக்குள் விடுவது வழக்கம் என்றாலும், கழுத்தின் இரண்டு பக்கத்திலும் சங்கிலி தெரியத்தான் செய்யும். அதன் பக்கத்தில் இன்னொரு மெல்லிய சங்கிலி ஓடினால் எண்ணிக்கைதான் கூடும், அழகு கூடாது. இங்குள்ள பெரிய கடைகளில் 9 காரட் நகைகள் நிறைய விற்கிறார்கள். தாலிச் சங்கிலி 22 காரட்டாக இருந்தால் 9 காரட் பக்கத்தில் வெளிறிப்போனதுபோல் தெரியும். 9 காரட்டில் தங்கம் 37.5 சதவீதம்தான், மீதி வேறு உலோகம். அந்தக் கலவை கடினமாகவும் இருக்கும், நாள்பட உரசினால் தேய்வது மென்மையான உங்கள் 22 காரட்தான்.

நீளமான நகை வேண்டுமென்றால் முந்தானைக் கரைக்குள் பாதி, வெளியே பாதி என்று நிற்காமல், சேலைக்கு மேலேயே முழுவதும் கிடக்கிற நீளத்துக்குப் போங்கள். நம்மவர்கள் ஆரம் என்று சொல்வது அதைத்தான். காசுமாலை, மாங்காய் மாலை எல்லாம் பெரும்பாலும் இந்த நீளத்தில்தான் செய்வார்கள். 75க்கு மேல் இருந்தால் பதக்கம் மார்புக்குக் கீழே இறங்கி, மடித்த முந்தானைமேல் படிந்து நிற்கும். ஆரத்தை முந்தானை குத்திய பிறகுதான் போட வேண்டும். முதலில் போட்டுவிட்டுச் சேலை கட்டினால் அது உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆரத்தின் ஒரு கண்ணியோடு சேர்த்துத் தோள் பக்கம் சின்ன ஊக்கு குத்திவிட்டால் நடுவில் நிற்கும், ஆனால் ஊக்கைப் பட்டில் குத்தாமல் பிளவுஸ் தையலில் குத்துங்கள். நீங்கள் மணப்பெண்ணின் அத்தை என்பதால் மாலை மாற்றுவது உங்களுக்கு இல்லை. மணப்பெண்ணுக்கு மட்டும் சொல்லிவையுங்கள், பூமாலை விழுந்ததும் ஆரம் முழுவதும் மறைந்துவிடும், நாரும் கண்ணியும் சிக்கிக்கொள்ளும். அவளுக்கு மாலைக்கு மேலே தெரிகிற அட்டிகைதான் போட்டோவில் நிற்கும்.

அட்டிகை என்று சொன்னதும் ஒரு எச்சரிக்கை. அட்டிகையும் சோக்கரும் ஒரே இடத்தில் நிற்கிறவைதான், ஆனால் ஒரே மாதிரி அளக்க முடியாது. சோக்கர் சங்கிலியாகவோ முத்துச்சரமாகவோ இருந்தால் சுற்றி முழுதும் ஒரே அகலம். அட்டிகையில் முன்பக்கம் கல் வைத்த பட்டை, பின்பக்கம் கயிறோ சங்கிலியோ இருக்கும். பின்கயிறை இழுத்தால் மேலேறும், விட்டால் இறங்கும், ஆகவே சென்டிமீட்டர் எண்ணுக்கு அங்கே அர்த்தமே இல்லை. பட்டையின் உயரத்தைத்தான் அளக்க வேண்டும். தாடைக்குக் கீழிருந்து தொண்டைக்குழி வரை உங்கள் கழுத்து எவ்வளவு என்று பார்த்துவிட்டு, பட்டை அதில் பாதிக்கு மேல் போகாமல் எடுங்கள். குட்டையான கழுத்தில் நாலு செ.மீ. பட்டை ஏறினால் தலையைத் திருப்பும்போதெல்லாம் தாடையில் குத்தும். நவம்பரில் டர்பன் புழுக்கத்தில் மண்டபத்துக்குள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் பட்டைக்கு அடியில் வியர்த்துத் தோல் சிவந்துவிடும். அந்த மாதிரிக் கழுத்துக்கு அட்டிகையைத் தொண்டைக்குழி வரை தளர்த்திவிட்டு நெக்லஸ் மாதிரி போடுவதுதான் நல்லது. அப்போது அதன் கீழ்விளிம்புக்கும் பிளவுஸுக்கும் அதே இரண்டு விரல் கணக்கு உண்டு.

பதக்கம் இல்லாததாக எடுங்கள் என்று ஆரம்பத்தில் சொன்னதும் இந்தக் கணக்கினால்தான். பதக்கத்தின் உயரம் சீட்டில் வராது. இங்கே நம் வீடுகளில் க்ரூகராண்ட் காசைக் கட்டுப் போட்டுச் சங்கிலியில் கோர்ப்பார்கள், உங்களிடமும் ஒன்று இருக்கலாம். 1967 முதல் அச்சடிக்கிற முழு அவுன்ஸ் காசு அது. 22 காரட், எடை ஏறக்குறைய 34 கிராம், குறுக்களவு 3.3 செ.மீ.க்கு மிக அருகில். கட்டும் வளையமும் சேர்த்தால் நாலு செ.மீ.க்கு மேல். அதை 45 சங்கிலியில் போட்டால், சங்கிலி குழிக்குக் கீழே 3 செ.மீ.யில் நின்றாலும் காசின் அடி ஏழு, ஏழரைக்கு வந்துவிடும். உங்கள் விளிம்பு எட்டரை. இரண்டு விரலுக்கு இடமில்லை. அந்தக் கனமும் சும்மா இருக்காது, சங்கிலியின் வளைவை இழுத்துக் கூராக்கிவிடும், கூர் முனை வட்டக் கழுத்துக்குள் சேராது. அதே காசை 40 சங்கிலியில் போட்டால் ஓரளவு நிற்கும், அல்லது பத்தில் ஒரு பங்கு அவுன்ஸ் காசு வாங்கினால் குறுக்களவு ஒன்றரை செ.மீ.க்குச் சற்று மேல்தான், 45லேயே அழகாக இருக்கும். முழு அவுன்ஸ் காசு ஆரத்தின் நுனியில் தொங்கும்போதுதான் அதற்கு மரியாதை.

மேட்டினியை இவ்வளவு திட்டிவிட்டேன், அதற்கும் ஒரு இடம் உண்டு. கழுத்தை மூடி வருகிற வட்டக் கழுத்துச் சட்டை, சல்வார், முழுக்கழுத்து பிளவுஸ், இவற்றில் தோலே தெரியாது, ஆகவே நகை துணிமேல் கிடக்க வேண்டும். அங்கே 45 போட்டால் காலர் மேல் ஏறி இறங்கி அலையும், 55லிருந்து 60 வரைதான் சரி. சேலையிலேயே முழுக்கழுத்து பிளவுஸ் போட்டு, முந்தானையை மெலிதாக மடித்துத் தோள் ஓரத்தில் குத்தினால் மேட்டினிக்கு இடம் கிடைக்கும். அகலமாகவும் மேலாகவும் வெட்டிய கழுத்துக்கு, அதாவது தோள்வரை அகன்று முன்னால் நாலு அங்குலமே இறங்குகிற வட்டத்துக்கு, கழுத்தை ஒட்டிய சோக்கரைத் தவிர மற்ற எல்லாமே விளிம்பில் மோதும். அந்தக் கழுத்துக்கு நகையே இல்லாமல் பெரிய ஜிமிக்கி மட்டும் போட்டால்கூடப் பார்க்க நன்றாக இருக்கும், என் கண்ணுக்கு அப்படி.

விலையையும் ஒரு பார்வை பாருங்கள். ஒரே தடிமன் சங்கிலியில் 45ஐவிட 60 செ.மீ.யின் எடை மூன்றில் ஒரு பங்கு அதிகம், ரேண்டிலும் அதே அளவு ஏறும். அந்தக் கூடுதல் தங்கம் முந்தானைக்குள் ஒளிந்திருப்பதற்காகவா காசு கொடுப்பது? அந்தப் பணத்தை 45லேயே முன்பக்கம் அகலமாக வரும் வேலைப்பாட்டில் போட்டால் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு நீளங்களுக்கு நடுவில் மனம் ஊசலாடினால் குட்டையானதை எடுத்து, பின்பக்கம் 5 செ.மீ. பேக் செயின் வைக்கச் சொல்லுங்கள். குட்டையானதை நீட்டலாம், நீளமானதைக் குறைக்க வேலைப்பாட்டை வெட்ட வேண்டும். பேக் செயினில் கொக்கி எந்த வளையத்திலும் மாட்டும்படி கண்ணிகள் பெரிதாக இருக்க வேண்டும், மெல்லியதாக வைத்துவிட்டால் நடு வளையத்தில் மாட்ட முடியாது. உங்கள் பிளவுஸின் பின்கழுத்து ஆழமாக இருந்து முடிச்சுக் கயிறும் தொங்கினால், அதனோடு பேக் செயின் சிக்கும், மிச்ச வாலைக் கொண்டைக்குள் விட்டுப் பூவால் மறைத்துவிடுங்கள். கொக்கி எஸ் வடிவமாக இருந்தால் கொண்டை முடியைப் பிடித்து இழுக்கும். திருகு கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைக்குப் போகும்போது முடிச்சுப் போட்ட அந்த நூலையும் பிளவுஸையும் எடுத்துப் போங்கள். நெக்லஸைக் கழுத்தில் போட்டுப் பார்த்ததும் நேராக நின்று மட்டும் பார்க்காமல், நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து தாம்பாளம் எடுப்பதுபோல் ஒரு தரம் செய்து, நிமிர்ந்த பிறகு அது எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். பழைய இடத்துக்கே திரும்பினால் வாங்கலாம். விளிம்பைத் தொட்டு நின்றால் பேக் செயினில் இரண்டு வளையம் உள்ளே தள்ளி மாட்டச் சொல்லி இன்னொரு தரம் பாருங்கள்.